அறை வாடகை வரம்பும் கோ-பேமென்டும்: குறைந்து வந்த கிளெய்ம் தொகையை வாடிக்கையாளருக்கு விளக்கும் முறை

மருத்துவக் காப்பீட்டு முகவராகப் புதிதாக வேலைக்கு வருபவர், கிளெய்ம் முழுதாக மறுக்கப்பட்ட வாடிக்கையாளரைவிடக் கிளெய்ம் குறைந்து வந்த வாடிக்கையாளரையே அடிக்கடி எதிர்கொள்வார். நீலகிரியில் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. இங்கே பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூருக்குத்தான் போகிறார்கள். அங்குள்ள தனியார் மருத்துவமனையின் அறை வாடகை ஒரு கணக்கில் இருக்கிறது; பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு லட்சத்துக்கோ மூன்று லட்சத்துக்கோ எடுத்த பாலிசியின் அறை வாடகை வரம்பு வேறொரு கணக்கில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி, மருத்துவமனையில் சேரும் அன்று யார் கண்ணிலும் படுவதில்லை. பணம் வரும் அன்றுதான் படுகிறது.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்குக் கணக்கை எப்படி விளக்குவது என்பதை, நான் உட்கார்ந்து விளக்கிய ஒரு கிளெய்மை வைத்தே படிப்படியாக எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டாமல் இருப்பதற்காகச் சில விவரங்களை மாற்றி, தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். கணக்குப் போட்ட முறை அன்று போட்ட முறையேதான்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் ஒரு படுகர் ஊரைச் சேர்ந்த சிறு தேயிலை விவசாயக் குடும்பம் அது. அறுபத்தேழு வயது அம்மா, மழை ஈரத்தில் இலை பறிக்கப் போன இடத்தில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஐந்து நாள் தனி அறையில் வைத்திருந்து, உலோக இம்ப்ளான்ட் பொருத்தி அனுப்பினார்கள். மொத்த பில் 2,10,000 ரூபாய். பாலிசித் தொகை 3,00,000 ரூபாய் இருப்பதால் முழுப் பணமும் வந்துவிடும் என்றே மகன் நினைத்திருந்தார். அவசரத்தில் கேஷ்லெஸ் வசதிக்கு விண்ணப்பிக்காமல், நகையை அடகு வைத்துக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டிருந்தார். வங்கிக் கணக்கில் வந்தது 98,400 ரூபாய்.

மகன் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, மூணு லட்சம் பாலிசியில ரெண்டு லட்சம் பில்லுக்கு ஒரு லட்சம்கூட வரலையே, மீதியை யார் எடுத்துக்கிட்டாங்க?"

இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லக் கூடாது என்பதே புதியவர் கற்க வேண்டிய முதல் படி. "கோ-பேமென்ட் இருக்கு தம்பி, செலவுல ஒரு பங்கு நம்ம கையிலிருந்துதான் போகும், ரூம் ரென்ட் லிமிட் இருக்கு" என்று சொல்லிவிட்டால், பில்லைப் பார்க்காமலேயே நிறுவனம் போட்ட கணக்கு சரிதான் என்று நாம் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். அந்தக் கணக்கு தவறாக இருந்தால், பிறகு அதைத் திருத்தக் கேட்கும்போது வாடிக்கையாளர் நம்மையும் சேர்த்தே சந்தேகப்படுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இப்படி இரண்டு மூன்று பேருக்குப் போனிலேயே சொல்லி முடித்திருக்கிறேன். அவர்களுடைய பில்களைப் பார்த்திருந்தால் சில ஆயிரங்களாவது திரும்பக் கிடைத்திருக்கும் என்பது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

காகிதங்களைச் சேர்ப்பது

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்லின் கடைசிப் பக்கத்தையும் மட்டுமே எடுத்து வருவார்கள். அவற்றை வைத்துக்கொண்டு எதையும் விளக்க முடியாது. நமக்கு வேண்டியது நான்கு காகிதங்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் விரிவான பில் முதலாவது. எதற்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று காட்டும் செட்டில்மென்ட் கடிதம் இரண்டாவது. சிகிச்சை நடந்த ஆண்டின் பாலிசி அட்டவணையும் அதோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளும் மூன்றாவது. பழைய ஆண்டின் அட்டவணையைப் பார்த்துப் பேசிவிட்டால், இடையில் வரம்பு மாறியிருப்பது தெரியாமல் போகும். நான்காவது, மருத்துவமனையின் அறை வாரியான கட்டணப் பட்டியல். இதை யாரும் தாமாகக் கொண்டுவர மாட்டார்கள். பில்லிங் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும். இந்த நான்காவது காகிதம் எதற்கு என்பது கீழே தெளிவாகும்.

செட்டில்மென்ட் கடிதத்தில் "பாலிசி நிபந்தனைப்படி கழிக்கப்பட்டது" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு கிளெய்மில் ஒரு பகுதியை மறுத்தாலும், பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டுத்தான் தெரிவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகே கணக்கில் இறங்குங்கள்.

பாலிசி அட்டவணையில் மூன்று இடங்களைத் தேடி பென்சிலால் வட்டமிட வேண்டும். அறை வாடகை வரம்பு எவ்வளவு, கோ-பேமென்ட் எத்தனை சதவீதம், அந்தக் கோ-பேமென்ட் எதனால் பொருந்துகிறது என்பவையே அந்த மூன்று. இந்த அம்மாவின் பாலிசியில் அறை வாடகை, நாளொன்றுக்குப் பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். கோ-பேமென்ட் 20 சதவீதம். அறுபது வயதைத் தாண்டிய பிறகு பாலிசியில் சேர்ந்தவர்களுக்கு என்று அதன் காரணமும் எழுதியிருந்தது. அம்மா சேரும்போது அறுபத்து மூன்று வயது. எல்லா பாலிசியிலும் இதே எண்கள் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் அறை வாடகை பாலிசித் தொகையில் 2 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல். கோ-பேமென்ட் எல்லா வயதினருக்கும் 5 சதவீதம். வேறு சில பாலிசிகளில், பிரீமியம் கட்டிய ஊரைவிடச் செலவு கூடிய மண்டலத்து நகரத்தில் சிகிச்சை பெற்றால் தனியாக ஒரு கோ-பேமென்ட் உண்டு. மலையிலிருந்து இறங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு இந்த வரியை மறக்காமல் தேடிப் பார்க்க வேண்டும். அம்மாவின் பாலிசியில் அது இல்லை.

அறை வாடகை வரம்பைப் படிக்கும்போது ஒரு சொல்லைத் தவறவிடக் கூடாது. பல பாலிசிகளில் "அறை வாடகை, உணவு, நர்சிங் கட்டணம்" மூன்றும் சேர்ந்தே அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். மருத்துவமனை பில்லில் இவை தனித்தனி வரிகளாக இருக்கும். அம்மாவின் பில்லில் அறை வாடகை 4,200 ரூபாய் என்றும், நான்கு வரி தள்ளி நர்சிங் 800 ரூபாய் என்றும் போட்டிருந்தது. மகன் 4,200-ஐ மட்டும் பார்த்து, 3,000 போக 1,200 ரூபாய்தானே கூடுதல், ஐந்து நாளுக்கு 6,000 ரூபாய்தானே கழிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி, இந்த 6,000 ரூபாய்க்கும் ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்ததற்கும் இடையில் எந்தத் தொடர்பும் தெரியாததால் வந்தது.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது

வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். விரிவான பில்லை எடுத்து, எல்லா வரிகளையும் நான்கு குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் குவியல் அறையும் நர்சிங்கும்: ஐந்து நாளுக்கு 25,000 ரூபாய். இரண்டாவது குவியல், அறையின் தரத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறக்கூடிய செலவுகள்: அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தினசரி மருத்துவர் வருகை, அறுவை அரங்கு ஆகியவை. அது 85,000 ரூபாய். மூன்றாவது குவியல் மருந்தும் மருத்துவ நுகர்பொருள்களும் 28,000, இம்ப்ளான்ட் 55,000, எக்ஸ்ரே மற்றும் இரத்தப் பரிசோதனைகள் 12,000. மொத்தம் 95,000 ரூபாய். நான்காவது குவியல், காப்பீட்டில் வராத சில்லறைச் செலவுகள்: பதிவுக் கட்டணம், துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, சோப்பு, டயப்பர் போன்றவை, 5,000 ரூபாய். நான்கையும் கூட்டினால் 2,10,000 வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு வரியை விட்டிருக்கிறோம் என்று பொருள், மேலே போகாதீர்கள்.

இனி விகிதம். பாலிசி அனுமதிக்கும் 3,000-ஐ அவர்கள் தங்கிய அறையின் 5,000-ஆல் வகுத்தால் 60 சதவீதம் வருகிறது. அறைக் குவியலில் நாளுக்கு 3,000 வீதம் 15,000 ரூபாய் கிடைக்கும். இரண்டாவது குவியலுக்கும் இதே 60 சதவீதம்தான் பொருந்தும். 85,000-இல் 51,000 ரூபாய் கிடைக்கும். இதைத்தான் விகிதக் கழிவு என்கிறோம். வாடிக்கையாளருக்கு விளங்குவதற்குக் கடினமானதும் இதுவே.

மூன்றாவது குவியலில் இந்த விகிதத்தைத் தொடவே கூடாது. மருந்து மற்றும் நுகர்பொருள்கள், இம்ப்ளான்ட் மற்றும் மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு விகிதக் கழிவு போடக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் விகிதக் கழிவு கிடையாது. அதற்கென்று தனி வரம்பு இருந்தால் அது மட்டும் பொருந்தும். இதன் நியாயம் எளிமையானது. பொது வார்டில் படுத்திருந்தாலும் டீலக்ஸ் அறையில் படுத்திருந்தாலும் எலும்பில் பொருத்துகிற இம்ப்ளான்ட் ஒன்றேதான். அறையைப் பார்த்து அதன் விலை மாறப் போவதில்லை. ஆகவே 95,000 ரூபாயும் முழுதாகக் கணக்கில் சேர வேண்டும்.

நான்காவது குவியலுக்கு ஒன்றும் கிடையாது.

இப்போது 15,000, 51,000, 95,000 ஆகிய மூன்றையும் கூட்டினால் 1,61,000 ரூபாய். இதுவே ஏற்கத்தக்க தொகை. கோ-பேமென்ட் இந்தத் தொகையின் மேல்தான் போடப்படும், மொத்த பில்லின் மேல் அல்ல. இருபது சதவீதம் என்றால் 32,200 ரூபாய். மீதி 1,28,800 ரூபாய் குடும்பத்துக்கு வர வேண்டும்.

வந்தது 98,400. வித்தியாசம் 30,400 ரூபாய்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கோ-பேமென்டுக்கு முந்தைய தொகையைக் கண்டுபிடியுங்கள். 98,400-ஐ 80 சதவீதமாகக் கொண்டால் முழுத் தொகை 1,23,000. நம் கணக்கில் அது 1,61,000. குறைவது 38,000. இந்த 38,000 எதனுடைய 40 சதவீதம் என்று பார்த்தால் 95,000 என்று வருகிறது; மூன்றாவது குவியல் அப்படியே வந்து நிற்கிறது. அதாவது, கணக்குப் போட்டவர் இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து 60 சதவீதமாக்கிவிட்டிருக்கிறார். நான் முதலில் செட்டில்மென்ட் கடிதத்தைப் புரட்டியபோது இம்ப்ளான்ட் வரிக்கு எதிரே 22,000 ரூபாய் கழிவு என்று அச்சாகியிருந்தது. அதிகம் கிளெய்ம் பார்க்காதவராக இருந்தாலும் அந்த ஒரு வரியைப் பார்த்தவுடன் நின்றுவிட வேண்டும். இம்ப்ளான்டுக்கு எதிரே விகிதக் கழிவு இருந்தால் அந்தக் கடிதம் முழுவதையும் சந்தேகத்தோடு படிக்கலாம்.

நான்காவது காகிதமான கட்டணப் பட்டியல் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அறையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் விகிதக் கழிவே போடக் கூடாது; ஒரு மருத்துவமனையில் குறிப்பிட்ட ஒரு செலவு மட்டும் எல்லா அறைக்கும் ஒரே கட்டணமாக இருந்தால், அந்தச் செலவுக்குப் போடக் கூடாது. அதே 2020 வழிகாட்டுதல்தான் இதையும் சொல்கிறது. சிறிய ஊர்களில் உள்ள சில மருத்துவமனைகளில் அறுவை மருத்துவருக்கு எல்லா அறைக்கும் ஒரே கட்டணம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் மருத்துவமனையின் கடிதத் தாளில் அதை எழுதி வாங்கினால் இரண்டாவது குவியலும் முழுதாகக் கிடைக்க வழியுண்டு. அம்மா தங்கிய மருத்துவமனையில் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம் இரண்டுமே பொது வார்டு, இருவர் அறை, தனி அறை என்று மூன்று பத்தியாக ஏறிக்கொண்டே போயிருந்தன. ஆகவே அந்த 34,000 ரூபாய்க் கழிவு முறையானதுதான் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

உட்கார்ந்து விளக்குவது

அவர்கள் வீட்டு முன்னறையில் அம்மா காலை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். மகன் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். பாலிசி அம்மாவின் பெயரில் இருப்பதால் அவருக்கும் புரிய வேண்டும் என்று சொன்னேன். நான் தமிழில் சொல்வதை மகன் அவ்வப்போது படுகு மொழியில் அம்மாவுக்குச் சொன்னார். இது எனக்கு நல்லதாகவே போயிற்று. மகன் வேறு மொழியில் திருப்பிச் சொல்லத் தடுமாறும் இடமெல்லாம் நான் சரியாக விளக்காத இடம் என்று உடனே தெரிந்துவிட்டது.

முதலில் தவறாகக் கழித்ததையும் முறையாகக் கழித்ததையும் பிரித்துச் சொல்லுங்கள். "தம்பி, குறைஞ்ச பணத்துல 30,400 ரூபாய் தப்பாக் கழிச்சிருக்காங்க, அதைக் கேட்டு வாங்கலாம். மீதி 81,200 ரூபாய் பாலிசிப்படி நம்ம கையிலிருந்து போறதுதான். அது எப்படின்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன்" என்றேன். இந்த வரிசை முக்கியம். கிடைக்க வேண்டியது கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், கிடைக்காததைப் பற்றிக் கேட்க ஒருவருக்குப் பொறுமை வரும்.

கோ-பேமென்டை முதலில் எடுத்துக்கொள்வது எளிது. பாலிசியில் அந்த வரியைக் காட்டி, அம்மா சேர்ந்த வயதையும் காட்டி, ஏற்கத்தக்க ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபது ரூபாய் நம்முடையது, எண்பது ரூபாய் நிறுவனத்துடையது என்று சொன்னேன். எந்த அறையில் தங்கினாலும், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இது உண்டு என்பதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், அறையைக் குறைத்திருந்தால் இந்த இருபது சதவீதமும் போயிருக்காது என்று நினைத்து, தனி அறை கேட்டவர் யார் என்று குடும்பத்துக்குள் வீண் வருத்தம் வரும்.

விகிதக் கழிவுக்கு நான் மருத்துவமனையின் கட்டணப் பட்டியலையே கையில் கொடுத்துவிடுவேன். மகனிடம், தனி அறைப் பத்தியில் அறுவை மருத்துவர் கட்டணம் எவ்வளவு, இருவர் அறைப் பத்தியில் எவ்வளவு என்று விரலால் தொட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தவர் சற்று நேரம் அமைதியாக இருந்தார். "அதே டாக்டர், அதே ஆபரேஷன்தானே அண்ணா?" என்று கேட்டார். அதே டாக்டர்தான்; ஆனால் அறை ஏறும்போது மருத்துவமனை எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஏற்றுகிறது. நிறுவனம் பிரீமியம் வாங்கியது 3,000 ரூபாய் அறைக்கான பத்திக்கு. நாம் தங்கியது 5,000 ரூபாய் அறைக்கான பத்தியில். அறையோடு சேர்ந்து ஏறிய கட்டணங்களை அந்த அளவுக்குக் குறைத்துப் பார்க்கிறார்கள். இந்த விளக்கத்தைப் பட்டியல் இல்லாமல் வாயால் சொன்னால் யாரும் ஏற்பதில்லை. நானாக இருந்தாலும் ஏற்க மாட்டேன்.

எதற்கு முன்னால் எது கழிகிறது என்பதற்கு அவர்களுடைய வேலையிலிருந்தே ஓர் உவமை கிடைத்தது. இலையைத் தொழிற்சாலைக்கு எடை போடும்போது முதலில் சாக்கின் எடை போகிறது. பிறகு மழை நாளாக இருந்தால் மீதி எடையில் ஈரத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழிகிறது. சாக்கையும் சேர்த்து ஈரக் கழிவு போட்டால் நாம் விடுவோமா? அப்படித்தான் இங்கும். சேராத செலவும் அறைக் கழிவும் முதலில் போகும், மிச்சத்தில்தான் கோ-பேமென்ட். மகன் இதைச் சொன்னவுடன் அம்மா சிரித்துத் தலையாட்டினார். அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அன்றைக்கு வேறு அறை காலியில்லை என்று சொன்னார்களே, அதற்கு நாங்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வி அநேகமாக எல்லா வீட்டிலும் வரும். இதற்கு நேர்மையான பதில், அறை காலியில்லை என்ற காரணத்தால் மட்டும் கணக்கு மாறுவதில்லை என்பதுதான். நிறுவனம் பில்லில் உள்ள அறையைத்தான் பார்க்கும். தகுதியான அறை இல்லாதபோது உயர்ந்த அறையைக் கொடுத்தாலும் தகுதியான அறையின் கட்டணத்திலேயே பில் போட மருத்துவமனை ஒப்புக்கொண்டால் கழிவு வராது. அதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டுப் பயனில்லை. இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பாலிசி விற்ற அன்றே இதை நான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர்களிடமே ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு பேச்சும் வரக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் வந்தாரே என்பார்கள். அது உண்மைதான். அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு தொகுப்புக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. அறை, மருத்துவர், மருந்து என்று தனித்தனியே பில் போடுவதில்லை. நம் பாலிசி பில்லின் வரிக்கு வரி பணம் கொடுக்கும் பாலிசி. இரண்டையும் ஒப்பிட்டு எது நல்லது என்று அந்த நேரத்தில் வாதாடாதீர்கள். வேறுபாட்டைச் சொல்லிவிட்டுக் கணக்குக்குத் திரும்புங்கள்.

கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் நான்கே வரி எழுதிக் கொடுத்தேன். அறை வரம்பைத் தாண்டியது 10,000, அறையோடு சேர்ந்து ஏறிய கட்டணங்களில் 34,000, காப்பீட்டில் வராதவை 5,000, கோ-பேமென்ட் 32,200. கூட்டினால் 81,200. மகன் தன் செல்போனில் கூட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் தாளை மடித்துப் பாலிசி உறைக்குள் வைத்தார். வாடிக்கையாளர் தானே கூட்டிப் பார்க்கும்வரை விளக்கம் முடிந்ததாக நான் நினைப்பதில்லை.

தவறாகக் கழித்ததைத் திரும்பக் கேட்பது

மறுபரிசீலனைக் கடிதத்தைப் பாலிசிதாரரின் பெயரிலேயே எழுத வேண்டும். அதில் வருத்தமோ கோபமோ வேண்டாம். கிளெய்ம் எண், இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை ஆகிய மூன்று வரிகளுக்கும் எதிரே கழித்த தொகை, 2020 வழிகாட்டுதல்படி இவற்றுக்கு விகிதக் கழிவு பொருந்தாது என்ற ஒரு வாக்கியம், நாம் போட்ட கணக்கு, வர வேண்டிய மீதி 30,400 ரூபாய் என்பவை போதும். கழிவு சரியாக இருக்கும் வரிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினால், படிப்பவர் வழக்கமான புகார் என்று வழக்கமான பதிலை அனுப்பிவிடுவார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமிருந்து பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். அதற்கும் மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதனால் எழுதிய மின்னஞ்சல்களைத் தேதியோடு பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முதல் கடிதத்துக்கே மீதி 30,400 ரூபாயும் வந்துவிட்டது.

புதுப்பிப்பதற்கு முன்

விளக்கி முடித்த கையோடு புதிய பாலிசியைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. வாடிக்கையாளரின் இழப்பை வைத்து விற்பது போல ஆகிவிடும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன் மீண்டும் போய், அறை வாடகை வரம்பை நீக்கும் கூடுதல் பாதுகாப்பு அதே பாலிசியில் கிடைக்குமா, அதற்குப் பிரீமியம் எவ்வளவு கூடும், கோ-பேமென்ட் இல்லாத பாலிசிக்கு மாறினால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் தொடருமா என்று கேட்டுச் சொல்லலாம். இந்த வயதில் மாற்றிக்கொள்ள எந்த நிறுவனமும் ஒப்பாமலும் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். பாலிசித் தொகையைக் கூட்டினால், சதவீதக் கணக்கில் உள்ள அறை வரம்பும் தானாகக் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று லட்சத்துக்கு 3,000 என்றால் ஐந்து லட்சத்துக்கு 5,000. அம்மா தங்கிய அறைக்கு ஒரு ரூபாயும் விகிதக் கழிவு வந்திருக்காது.

அன்று கிளம்பும் முன் மகனின் செல்போனில் ஒரு குறிப்பை எழுதிச் சேமித்து வைத்தேன்: "அறை, நர்சிங், சாப்பாடு மூன்றும் சேர்ந்து நாளுக்கு 3,000-க்குள். சேரும் முன் கேட்கவும்." சில மாதங்கள் கழித்து அவருடைய அப்பாவுக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை வந்தது, அவருக்கும் அதே வகைப் பாலிசிதான். கோயம்புத்தூர் மருத்துவமனையின் சேர்க்கைக் கவுன்டரில் நின்றுகொண்டே மகன் என்னை அழைத்தார். "அண்ணா, இருவர் ரூம் 2,300, நர்சிங் 500-னு சொல்றாங்க. சாப்பாடு ரூமுக்குள்ளேயே சேர்ந்ததான்னு கேட்டேன், ஆமாங்கிறாங்க. 2,800 வருது. போடச் சொல்லட்டுமா?"

போடச் சொன்னேன்.